ஆறு புகைப்படங்கள், ஒரு பக்கப் படக்கதை: ஆத்தங்குடிக் கல் பட்டறையை வைத்துச் சில கேள்வி பதில்கள்

எடுத்த புகைப்படங்களைக் கட்டங்களாக அடுக்கி, பேச்சுக்குமிழி வைத்துப் படக்கதையாக்குவது குறித்துக் காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை. முதல் கேள்வியில் வரும் ஆறு படங்களையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கதையைத் தொடர்ந்து பார்த்தால்தான் எது எதனால் கெடுகிறது என்பது புரியும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறைக்கு மகளை அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு பெரியவர் வேலை செய்வதையும் இவள் அவரிடம் கேள்வி கேட்பதையும் படம் எடுத்தேன். ஆறு படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் யார் என்ன சொல்கிறார் என்று முதலில் எழுதுங்கள். படம் வேலையின் வரிசையைக் காட்டும். கதையைப் பேச்சுதான் கொண்டுவர வேண்டும்.

உங்கள் படங்களில் வேலை இந்த வரிசையில் போகிறது. பெரியவர் கண்ணாடித் தட்டைத் துடைக்கிறார். அதன்மேல் பூ வடிவ உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் கரைசலை ஊற்றுகிறார். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார். அதன்மேல் ஈரக் கலவையை வைத்துக் கரண்டியால் மட்டம் செய்கிறார். அடுத்து, கற்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகின்றன. கடைசியில் கண்ணாடி விலகி, பளபளப்பான பூ தெரிகிறது.

இதில் கதை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது படத்தில் பூ தெரிகிறது. மூன்றாவது படத்தில் பொடி அதை முழுதாக மறைத்துவிடுகிறது. முதன்முதலாகப் பார்க்கும் குழந்தைக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆறாவது படத்தில் பூ திரும்பி வருகிறது. பூ வந்தது, மறைந்தது, மீண்டும் வந்தது: கதை அவ்வளவுதான். இதற்கு நான் எழுதும் பேச்சு இது.

முதல் கட்டம். சிறுமி: "ஐயா, இதுவா கல்?" பெரியவர்: "இது கண்ணாடி. கல் இனிமேல்தான்."
இரண்டாவது. சிறுமி: "பூ வந்துவிட்டது!"
மூன்றாவது. சிறுமி: "ஐயா! பூவை மூடிவிட்டீர்களே!"
நான்காவது. பெரியவர்: "பூ கீழே இருக்கிறது, ஆத்தா."
ஐந்தாவது. சிறுமி: "கண்ணாடியை எப்படி எடுப்பது?" பெரியவர்: "அதுவாக விட்டுவிடும்."
ஆறாவது. பேச்சு இல்லை.

கடைசிக் கட்டத்தைப் பேச்சில்லாமல் விட்டதைக் கவனியுங்கள். அங்கே "எவ்வளவு அழகு!" என்று யாராவது சொன்னால், வாசகர் தாமாகப் பார்க்க வேண்டியதை நாம் பறித்துக்கொள்கிறோம். செய்முறையையும் பேச்சில் திணிக்காதீர்கள். பொடி தூவுவது படத்திலேயே தெரிகிறது; "இப்போது நான் பொடி தூவுகிறேன்" என்று பெரியவர் சொல்ல வேண்டியதில்லை.

கட்டங்களின் அளவை எப்படி முடிவு செய்வது? பெரிதும் சிறிதுமாக இருந்தால் அழகாக இருக்குமே?

இந்தக் கதைக்கு வேண்டாம். ஆறு கட்டங்களும் ஒரே அளவில் இருந்தால் வாசகர் அமைப்பை மறந்துவிடுவார், கை வேலையை மட்டும் பார்ப்பார். ஒரு கட்டம் பெரிதானால் அங்கே ஏதோ நடக்கிறது என்று கண் நிற்கும். அப்படி நிற்க வேண்டிய இடம் ஆறாவது கட்டம் ஒன்றுதான். அங்கே பேச்சு இல்லாததே போதிய மாற்றம்.

அச்சுக்கு என்றால் ஏ4 தாளைக் கிடையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது 3508 × 2480 புள்ளி. நான்கு பக்கமும் 120 புள்ளி விளிம்பு விடுங்கள். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே 50 புள்ளி, மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே 80 புள்ளி. அப்போது ஒவ்வொரு கட்டமும் 1056 × 1080 ஆக, கிட்டத்தட்டச் சதுரமாக அமையும்.

இரண்டு இடைவெளிகளும் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் உண்டு. கண் தனக்கு அருகில் இருப்பதைத்தான் அடுத்ததாக எடுத்துக்கொள்ளும். முதல் கட்டத்துக்குக் கீழே உள்ள நான்காவது கட்டமும் வலப்புறம் உள்ள இரண்டாவது கட்டமும் ஒரே தொலைவில் இருந்தால், சில வாசகர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். வரிசைகளுக்கு நடுவே சற்றுக் கூடுதலாக இடம் விட்டால் கண் பக்கவாட்டில் போய், வரிசையை முடித்துக்கொண்டு இறங்கும்.

மூன்று மூன்றாகப் பிரித்ததில் இன்னொரு லாபமும் இருக்கிறது. "பூவை மூடிவிட்டீர்களே!" என்பது மேல் வரிசையின் கடைசிக் கட்டத்தில் விழுகிறது. அதற்குப் பதில் கீழ் வரிசையின் முதல் கட்டத்தில். கண் பக்கத்தின் குறுக்கே திரும்பி வரும் அந்த நேரம், சிறுமியின் தவிப்புக்குத் தானாகவே கிடைக்கும் இடைவேளை. இதையே இரண்டு இரண்டாக மூன்று வரிசையாக்கினால் கேள்வியும் பதிலும் ஒரே வரிசையில் ஒட்டிக்கொள்ளும், தவிப்பு போய்விடும். எந்த வாக்கியம் வரிசையின் முடிவில் நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகே அமைப்பை முடிவு செய்யுங்கள்.

கட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்தால் இடைவெளி கூடவும் குறையவுமாகப் போகிறது. சரியாக அமைய வழி உண்டா?

கையால் வைக்காமல் கட்டளையால் அடுக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ImageMagick 7-ஐ நிறுவிக்கொள்ளுங்கள். ஆறு படங்களையும் 1056 × 1080 அளவுக்கு வெட்டி, 1.jpg முதல் 6.jpg வரை பெயரிட்டு ஒரே கோப்புறையில் வைத்து, இந்த இரண்டு வரிகளை இயக்கினால் போதும்.

```
magick montage [1-6].jpg -tile 3x2 -geometry 1056x1080+25+40 -background white strip.png
magick strip.png -background white -gravity center -extent 3508x2480 page.png
```

ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் பக்கவாட்டில் 25, மேலும் கீழும் 40 புள்ளி சேர்கிறது. இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து வரும்போது அவை 50, 80 ஆகிவிடும். இரண்டாவது வரி தாளின் முழு அளவுக்கு வெள்ளை விளிம்பைச் சேர்க்கிறது.

வெட்டும் வேலையை மட்டும் கட்டளையிடம் கொடுக்காதீர்கள். அது நடுவை வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து நீங்களே வெட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் என்றால், அதை எடுத்தவரிடம் ஆவணமாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சுருங்கிய படத்திலிருந்து ஒரு மூலையை மட்டும் வெட்டினால் அது 1056 புள்ளிக்குக் குறைந்து, பெரிதாக்கும்போது கலங்கிப்போகும்.

பேச்சை வைத்துப் பார்த்தேன். முதல் கட்டத்தைப் படித்த என் தம்பி, பெரியவர் பதில் சொன்ன பிறகு சிறுமி கேள்வி கேட்பதாகப் படித்தான். குமிழிகளின் வரிசை எங்கே தவறுகிறது?

உங்கள் முதல் படத்தில் பெரியவர் இடப்பக்கமும் சிறுமி வலப்பக்கமும் நிற்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். நாம் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படிக்கிறோம். ஆகவே முதலில் பேசுபவர் இடப்பக்கம் நின்றால் எல்லாம் எளிதாக அமையும். அவருடைய குமிழி இடப்பக்கம் மேலே, பதில் சொல்பவரின் குமிழி வலப்பக்கம் சற்றுக் கீழே. இரண்டு வால்களும் நேராகத் தத்தம் ஆளிடம் இறங்கும்.

முதலில் பேசுபவர் வலப்பக்கம் நின்றால் சிக்கல் தொடங்குகிறது. அவருடைய குமிழியை இடப்பக்கம் வைத்தால் வால் குறுக்கே நீண்டு, மற்றவரின் வாலை வெட்டும். வால்கள் வெட்டிக்கொண்ட கட்டத்தில் யார் எதைச் சொன்னார் என்று வாசகர் விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

இதற்கு நான் முதலில் முயல்வது உயர வித்தியாசம். சிறுமியின் குமிழியை அவள் தலைக்கு மேலேயே, கட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி வையுங்கள். பெரியவரின் குமிழியை முழுவதுமாக அதன் அடிவிளிம்புக்குக் கீழே இறக்குங்கள். பாதி மட்டும் இறக்கினால் போதாது. இரண்டு குமிழிகளும் ஒரே மட்டத்தில் கொஞ்சமாவது சேர்ந்து நின்றால், கண் இடப்பக்கத்தைத்தான் முதலில் எடுக்கும். உங்கள் படத்தில் பெரியவர் குனிந்து உட்கார்ந்திருப்பதால் அவர் தலைக்கு மேல் இடம் இருக்கும், இது நடக்கக்கூடியதே.

அப்படியும் இடம் போதவில்லை என்றால் பேச்சை மாற்றி எழுதுங்கள். பெரியவரே முதலில் பேசட்டும்: "என்ன பார்க்கிறாய், ஆத்தா?" சிறுமி: "இதுவா கல்?" நின்ற இடத்தை மாற்ற முடியாது, வார்த்தையை மாற்ற முடியும். புகைப்படக் கதையில் இந்த வழிதான் பல முறை கைகொடுக்கும். அடுத்த முறை படமெடுக்கப் போகும்போது, யார் முதலில் பேசுவார் என்று யோசித்து அதற்கேற்ற பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள்.

சரிபார்க்க, கதை தெரியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் கேளுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். உங்கள் தம்பி செய்தது சரியான சோதனை.

நான்காவது படத்தை மட்டும் பட்டறையின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். மற்றவற்றில் வலப்பக்கம் இருக்கும் பெரியவர் இதில் இடப்பக்கம் வருகிறார். படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டுவிடலாமா?

முதல் படம் தவிர மற்றவற்றில் சிறுமி இடம், பெரியவர் வலம் என்று தெரிகிறது. பேசும் இருவரையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் இருவரும் எப்போதும் அவரவர் பக்கத்திலேயே இருப்பார்கள். கோட்டைத் தாண்டி எடுத்த படம் நடுவில் வந்தால், இருவரும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது போலவும் ஒருவர் மற்றவருக்கு முதுகைக் காட்டிப் பேசுவது போலவும் தோன்றும். முதல் கட்டத்துக்கு இந்தக் குற்றம் அவ்வளவாக உறைக்காது, அதற்கு முன்னால் எதுவும் இல்லையே. நான்காவது கட்டத்தில் உறைக்கும், ஏனென்றால் அது மூன்றாவது கட்டத்தின் கேள்விக்குப் பதில்.

திருப்பிப் போடுவது தோன்றும் அளவுக்கு எளிதல்ல. திருப்பும் முன் படத்தில் இவற்றைத் தேடுங்கள்: எழுத்து, கடிகாரம், சட்டைப்பை, சேலை முந்தானை, கருவி பிடித்த கை. பட்டறையில் சிமெண்டு மூட்டை கிடக்கும். அதன் எழுத்து இடவலமாகத் திரும்பினால் யார் கண்ணுக்கும் தப்பாது. அதைக் குமிழியால் மறைக்கலாம். ஆனால் மூன்றாவது கட்டத்தில் வலக்கையால் பொடி தூவியவர், நான்காவதில் இடக்கையால் கரண்டி பிடிப்பார். கைவேலையைப் பற்றிய கதையில் அது பொய். பெரியவரே பார்த்தால் ஏற்கமாட்டார். கல்லின் பூ இரு பக்கமும் ஒன்றாக இல்லாத வடிவம் என்றால், ஆறாவது படத்தையும் எக்காரணத்தைக் கொண்டும் திருப்பாதீர்கள்.

இந்தப் படத்துக்கு என் தீர்வு வேறு. கரண்டியும் கையும் கலவையும் மட்டும் இருக்கும்படி நெருக்கமாக வெட்டுங்கள். முகமும் சிறுமியும் வேண்டாம். முகம் இல்லாத கைக்குப் பக்கம் கிடையாது. "பூ கீழே இருக்கிறது, ஆத்தா" என்ற குமிழியை மேலே வைத்து, வாலைக் கட்டத்தின் வல விளிம்புக்குக் கொண்டுபோய் அங்கேயே முடித்துவிடுங்கள். பேசுபவர் கட்டத்துக்கு வெளியே வலப்பக்கம் இருக்கிறார் என்று வாசகர் புரிந்துகொள்வார். மற்றக் கட்டங்களில் அவர் இருக்கும் பக்கமும் அதுதான். பூ எங்கே என்று கேட்டவளுக்கு, அதை மூடிய கையையே காட்டுவது கதைக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

குமிழி வைக்க இடமே இல்லை. எங்கே வைத்தாலும் முகமோ கையோ மறைகிறது.

நாம் படமெடுக்கும்போது முகத்தை நடுவில் வைத்து, தலைக்கு மேல் இடமே இல்லாமல் நிரப்பிவிடுகிறோம். தனிப் படத்துக்கு அது அழகு. படக்கதைக்கு, கட்டத்தின் மேல் கால் பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். சுவர், கூரையின் இருட்டு, திறந்த வானம், எதுவானாலும் சரி. அசல் படத்தில் மேலே கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆளைக் கட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி வெட்டினால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

அசலிலேயே இல்லை என்றால் குமிழியைக் கட்டத்துக்கு மேலே கொஞ்சம் வெளியே நீட்டலாம். முதல் வரிசையில் மேல் விளிம்பு இருப்பதால் அது எளிது. இரண்டாவது வரிசையில் 80 புள்ளி இடைவெளிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேல்கட்டத்தைத் தொட்டால் அந்தப் பேச்சு அங்கே ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் மட்டும் நீட்டாதீர்கள். அடுத்த கட்டத்துக்குள் நுழைந்த குமிழி, முறை வருவதற்கு முன்பே படிக்கப்பட்டுவிடும்.

மறைக்கக் கூடாதவை முகம், வேலை செய்யும் கை, கதைக்கான பொருள். இரண்டாவது கட்டத்தில் பூவின் ஒரு மூலை மறைந்தால்கூட மூன்றாவது கட்டம் வலுவிழக்கும்.

குமிழிக்குள் தமிழ் எழுதினால் ஒரு வரிக்கு ஒரே சொல் நின்று, குமிழி நீண்டு தொங்குகிறது. எழுத்தைச் சிறிதாக்க வேண்டியதுதானா?

எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொல்லைச் சிறிதாக்குங்கள். தமிழில் வேற்றுமை உருபும் வினையும் சேர்ந்து சொல் நீண்டுவிடும். நீங்கள் முதலில் எழுதியது இப்படி இருந்திருக்கும்: "இந்தக் கண்ணாடியிலிருந்து கல்லை எப்படிப் பெயர்த்தெடுப்பீர்கள்?" இதில் "கண்ணாடியிலிருந்து", "பெயர்த்தெடுப்பீர்கள்" இரண்டும் தனித்தனியே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். "கண்ணாடியை எப்படி எடுப்பது?" என்றால் இரண்டு வரியில் அடங்கும், குழந்தையின் வாய்க்கும் பொருந்தும்.

ஏ4 பக்கத்தில் எழுத்தின் அளவு 42 புள்ளி வையுங்கள். அச்சில் அது பத்து பாயிண்ட். குமிழிக்கு மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். வரிகளை நீங்களே உடையுங்கள், மென்பொருளிடம் விடாதீர்கள். நடு வரி நீளமாகவும் மேல், கீழ் வரிகள் குறுகியும் இருந்தால் நீள்வட்டத்துக்குள் அழகாக உட்காரும். வரிக்கு வரி உயரத்தை எழுத்தின் அளவைப்போல் 1.3 மடங்காக வையுங்கள். மேலே சுழியும் கீழே கொக்கியும் உள்ள எழுத்துகள் நமக்கு உண்டு. நெருக்கினால் மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'வி'யை இடிக்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் வசதியைத் தொடாதீர்கள். 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும்.

எழுத்துருவுக்கு Baloo Thambi 2 எனக்குப் பிடிக்கும். உருண்டு தடித்திருப்பதால் புகைப்படத்தின் மேல் நன்றாக நிற்கும். சாய்ந்த கையெழுத்துப்போல வேண்டுமென்றால் Kavivanar இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் யூனிகோடு. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், விருப்பங்களில் Type என்ற பகுதிக்குப் போய் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த வரியைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

"பூவை மூடிவிட்டீர்களே!" என்பதைக் கத்திச் சொல்வதாகக் காட்ட, அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் 54 புள்ளிக்கு உயர்த்துங்கள். பக்கத்தில் ஒரு முறைதான். இரண்டாவது முறை கத்தினால் முதல் கத்தலும் சாதாரணமாகிவிடும்.

குமிழியையும் வாலையும் வரைய எது நல்லது?

நான் Inkscape பயன்படுத்துகிறேன். இலவசம், தமிழும் உடையாமல் வரும். page.png-ஐ உள்ளே கொண்டுவந்து, முதலில் எழுத்தை எழுதுங்கள். எழுத்தைச் சுற்றி 40 புள்ளி இடம் விட்டு நீள்வட்டம் வரையுங்கள். குமிழியை முதலில் வரைந்து எழுத்தை அதற்குள் அடைத்தால் ஓரங்கள் முட்டும். வாலைப் பேனாக் கருவியால் ஒரு சிறு முக்கோணமாக வரைந்து, நீள்வட்டத்தையும் அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Path > Union கொடுத்தால் இரண்டும் ஒரே உருவமாகிவிடும். வெள்ளை நிரப்பல், 4 புள்ளி கறுப்புக் கோடு கொடுத்து, அதை எழுத்துக்கு அடியில் இறக்குங்கள்.

வாலின் முனை பேசுபவரின் வாயை நோக்க வேண்டும், வாயைத் தொடக்கூடாது. குமிழிக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டியதும் நிறுத்துங்கள். நெற்றியையோ தோளையோ நோக்கினால், யார் பேசுகிறார் என்பது தெரிந்தாலும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஐந்தாவது கட்டத்தின் இட மூலையில், வால் இல்லாத சிறு செவ்வகம் ஒன்று வைத்து "சில நாள் கழித்து" என்று எழுதுங்கள். நான்காவது படத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே கல் காய்ந்து, தொட்டிக்குப் போயிருக்கிறது. அது சொல்லப்படாவிட்டால் போட்ட கலவையை அப்படியே தண்ணீரில் போட்டதாக வாசகர் எண்ணுவார். குமிழியிலிருந்து பிரித்துக் காட்ட, செவ்வகத்துக்கு வெளிர் மஞ்சள் நிறம் போதும்.

பட்டறைக்குள் எடுத்தவை இருட்டாகவும், தொட்டிப் பக்கம் எடுத்தது வெயிலில் வெளுத்தும் இருக்கின்றன. எங்கள் வீட்டு வளவில் எடுக்கும் படங்களுக்கும் இதே கதைதான்.

வெயிலும் நிழலும் இருப்பது தவறல்ல. கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறுவதுதான் தவறு. நிறம் தாவினால் வாசகர் இடமோ நாளோ மாறிவிட்டது என்று நினைப்பார். எல்லாப் படத்திலும் வரும் ஒரு வெள்ளைப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பெரியவரின் வேட்டி. GIMP-இல் Colors > Levels திறந்து, வெள்ளையைத் தேர்ந்தெடுக்கும் துளியை வேட்டியின் மிக வெளிச்சமான மடிப்பில் வைத்துச் சொடுக்கினால், நீலமும் மஞ்சளும் அடங்கிப் படங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கும். பிறகு நடுத்தர ஒளியை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். வெளுத்தே போன பகுதியில் விவரம் இல்லை, அதைத் திரும்பப் பெறவும் முடியாது. குமிழியை அங்கே வைத்துவிடுங்கள்.

வளவில் எடுப்பதானால் திறந்த முற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தாழ்வாரத்தில் இருப்பவரை எடுங்கள். முற்றத்து வெளிச்சம் அவர் முகத்தில் விழும். நீங்கள் தாழ்வாரத்தின் உள்ளிருந்து முற்றத்தைப் பார்த்து எடுத்தால் முகம் கறுத்துத் தூண் மட்டும் தெரியும்.

ஓவியம் போலத் தெரிய 'கார்ட்டூன்' வடிகட்டி போடலாமா?

நான் போடமாட்டேன். அது எல்லா விளிம்புக்கும் கறுப்புக் கோடு போடுகிறது; மணல், கலவை, சுவர் எல்லாம் கோடாகிக் குமிழியின் கோட்டோடு போட்டியிடும். மேலும் ஆத்தங்குடிக் கல்லின் சிறப்பே கண்ணாடியிலிருந்து வரும் வழவழப்பு. வடிகட்டி முதலில் அழிப்பது அதைத்தான்.

பெரியவர் சொல்லாத வார்த்தைகளை அவர் வாயில் வைக்கிறோமே?

ஆம். அதனால் முடிந்த பக்கத்தை அச்செடுத்து அவரிடம் காட்டி, படித்துக்காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே யாருக்கும் அனுப்புங்கள். வேலையைப் பற்றிய பேச்சில் ஏதாவது தவறு இருந்தால் அவரே திருத்துவார். அவர் சொல்லும் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கச் சம்மதித்ததைப் பேச்சு எழுதவும் சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது.

கைபேசியில் அனுப்பினால் எழுத்து தெரியவில்லை என்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டங்கள் ஓடுகின்றன.

ஏ4 பக்கத்தைக் கைபேசிக்கு அப்படியே அனுப்பாதீர்கள். அதற்குத் தனியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு கட்டங்களை அடுக்கிய இன்னொரு வடிவம் செய்யுங்கள். அகலம் 1080 புள்ளி. கட்டங்கள் ஏறத்தாழ அதே அகலத்தில் இருப்பதால் மறுபடி வெட்டத் தேவையில்லை. இரு பக்கமும் 12 புள்ளி வெள்ளை விட்டால் பொருந்திவிடும். 42 புள்ளி எழுத்தும் அப்படியே நன்றாகப் படிக்க வரும்.

மாற வேண்டியது இடைவெளி. ஒரே நெடுவரிசையில் வரிசை முடிவு என்பதே இல்லை. ஆகவே மூன்றாவது கட்டத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்த இடைவேளை இங்கே காணாமல் போகும். சாதாரண இடைவெளி 60 புள்ளி என்றால், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே 240 விடுங்கள். நாட்கள் கடக்கும் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே 400 விட்டு, "சில நாள் கழித்து" என்ற செவ்வகத்தைக் கட்டத்திலிருந்து எடுத்து அந்த வெள்ளையின் நடுவே வையுங்கள். ஆறாவது கட்டத்துக்கு முன்பும் 240 வேண்டும். விரல் தள்ளும்வரை பூ கண்ணில் படக்கூடாது. ஐந்தாவது கட்டத்தில் பெரியவரின் குமிழியைச் சற்றுக் கீழே இறக்கி வைத்தால், "அதுவாக விட்டுவிடும்" என்பதைப் படித்தவுடன் விரல் கீழே தள்ளத் தயாராக இருக்கும்.